வேலையை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டால்

கேள்வி: "இப்போதைய வேலையை ஏன் விட நினைக்கிறீர்கள்?" என்று நேர்காணலில் கேட்கிறார்கள். இருக்கும் நிறுவனத்தைக் குறை சொல்லாமல், ஏதாவது ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று தவிப்பதாகவும் தெரியாமல் என்ன சொல்வது?

நான் இதில் ஒருமுறை நன்றாகவே மாட்டிக்கொண்டேன். மூன்று வருடம் வாடிக்கையாளர் சேவையில் இருந்துவிட்டு மென்பொருளில் பிழை தேடும் டெஸ்டிங் வேலைக்கு முயன்ற நேரம். "அங்கே வளர்ச்சி இல்லை சார்" என்றேன். யாரையும் குறை சொல்லாத பதில் என்று எனக்கு நினைப்பு. எதிரே இருந்தவர் விடவில்லை. "வளர்ச்சின்னா எதைச் சொல்றீங்க?" என்றார். அவ்வளவுதான், தள்ளிப்போன பதவி உயர்வு, கண்டுகொள்ளாத மேலாளர் என்று ஐந்து நிமிடம் கொட்டிவிட்டேன். "எப்போ சேர முடியும்?" என்றதற்கு, இரண்டு மாத நோட்டீஸ் பீரியட் இருப்பதையே மறந்து "நாளைக்கே" என்றேன். வேலை கிடைக்கவில்லை.

பொத்தாம்பொதுவாகப் பேசினால் அடுத்த கேள்வி வந்தே தீரும், மனக்குறை வெளியே வருவதும் அங்கேதான். அதனால் அடுத்த நேர்காணலுக்கு, செய்த வேலையிலிருந்தே பதிலைத் தொடங்கினேன்:

"மூன்று வருடமாகப் புகார்களைக் கையாள்கிறேன். ஒரே பில்லிங் பிழை மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. எந்தத் திரையில் என்ன கொடுத்தால் அது வருகிறது என்று நானே தேடிக் குறித்துக் கொடுத்தேன். அந்த வேலையை முழுநேரமாகச் செய்ய ஆசை. எங்கள் டெஸ்டிங் குழுவில் இருப்பது இரண்டு பேர், இப்போது இடம் இல்லை. உங்கள் அறிவிப்பில் பில்லிங் மென்பொருள் என்று பார்த்ததும் விண்ணப்பித்தேன்."

சொல்லி முடிக்க அரை நிமிடம்தான். பழைய நிறுவனம் இதில் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அதுவும் வெறும் தகவலாக. கடைசி வாக்கியம் முக்கியம். அதை வேறொரு நிறுவனத்தில் அப்படியே சொல்ல முடிகிறது என்றால், நூறு இடத்துக்கு விண்ணப்பம் போட்டவர் போலத்தான் தெரியும்.

அப்புறம், "உங்க மேனேஜர்கிட்ட கேட்டுப் பார்த்தீங்களா?" என்று பெரும்பாலும் கேட்பார்கள். அதற்கு உண்மையான பதில் வேண்டும். அதனால்தான் விண்ணப்பிக்கும் முன்பே குழு மாற்றம் கேட்டு வைத்தேன். "கேட்டேன், இந்த வருடம் இடமில்லை என்றார்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

நிஜக் காரணம் மேலாளர்தான் என்றால்? பொய் சொல்ல வேண்டாம். வேலையை விட ஒரே ஒரு காரணம் இருப்பது அபூர்வம்; இரண்டாவதாக இருப்பதைச் சொல்லுங்கள். சம்பளமும் நியாயமான காரணம்தான், ஆனால் அதை அவர்கள் கேட்கும்போது பேசிக்கொள்ளலாம்.

இரண்டாவது நேர்காணலில் "எப்போ சேர முடியும்?" என்றதற்கு "இரண்டு மாதம் ஆகும், கையில் உள்ளதை ஒப்படைக்க வேண்டும்" என்றேன். "சரி" என்று குறித்துக்கொண்டு, அந்த பில்லிங் பிழையை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.