கண்ணு தொறந்திருக்கு, உள்ள ஆள் இருக்காரா?

கேள்வி: டாக்டர், நாங்க கொழிஞ்சாம்பாறை பக்கம். என் தம்பிக்கு 29 வயசு, வாளையார் ரோட்ல பைக் ஆக்சிடென்ட் ஆகி நாலு மாசம் ஆச்சு. கண்ணத் தொறக்கறான், கொட்டாவி விடறான், பேச்சு இல்ல, சொன்னதச் செய்யறதும் இல்ல. டிஸ்சார்ஜ் சம்மரில வெஜிடேட்டிவ் ஸ்டேட்னு எழுதிட்டாங்க. ஆனா அம்மா "அவன் என்னையப் பாக்கறான், கையக் குடுத்தா இறுக்கிப் பிடிக்கறான்"ங்கறாங்க. ஏதோ எம்ஆர்ஐ எடுத்தா உள்ள நினைவு இருக்கானு தெரிஞ்சுடும்னு ஒருத்தர் சொன்னாரு. கடன் வாங்கியாவது எடுக்கலாமா?

பதில்: கை இறுக்கறத மொதல்ல ஓரமா வெச்சிடலாங்க. பொறந்த கொழந்த உள்ளங்கையில வெரல வெச்சா பிடிச்சுக்குமே, மூளைல முன்பக்கம் நல்லா அடிபட்டா அந்தப் பழைய பழக்கம் பெரியவங்களுக்கும் திரும்பி வந்துடும், அதுக்கு நினைவே தேவையில்ல. கொட்டாவி, பல்லக் கடிக்கறது, கண்ணுல தண்ணி, சத்தம் கேட்டா தூக்கிப் போடறது எல்லாமே அப்படித்தான். "கையப் பிடி"ன்னா பிடிக்கறான் சரி, "விடு"ன்னா விடறானா, கேக்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஆனா அம்மா சொன்ன இன்னொண்ணு இருக்கே, "என்னையப் பாக்கறான்"னு, அத நான் லேசா விட மாட்டேன். ஏன்னா கோமாவுல இருந்து கண்ணு தொறந்தவங்கள ரெண்டு கூட்டமாப் பிரிக்கறோம், அந்தப் பிரிவுல மொதல்ல தெரியற அடையாளம் பல பேருக்கு பார்வைதான். ஒரு கூட்டம், முழிச்சிருப்பாங்க தூங்குவாங்க, ஆனா சுத்தி நடக்கறது எதுக்கும் தெரிஞ்சு பதில் வராது. இதத்தான் முன்னாடி வெஜிடேட்டிவ்னு சொன்னாங்க, மனுசன காய்கறிங்கற மாதிரி இருக்குன்னு 2010ல ஐரோப்பாவுல ஒரு டாக்டர் குழு 'அன்ரெஸ்பான்ஸிவ் வேக்ஃபுல்னஸ்'னு பேர மாத்தினாங்க, முழிப்பு இருக்கு பதில் இல்லன்னு அர்த்தம், நல்ல மாத்தம்தான், நம்ம ஊர் சம்மரில இன்னும் பழைய பேருதான் எழுதறாங்க. இன்னொரு கூட்டம் 'மினிமலி கான்ஷியஸ்', நினைவு துண்டு துண்டா வரும் போகும், காலைல இருக்கும் சாயந்தரம் இருக்காது, ஆனா வரும்போது அது ரிஃப்ளெக்ஸ் இல்ல, நிஜம். பொதுவா இந்த ரெண்டாவது கூட்டத்துக்குத்தான் தேறி வர வாய்ப்பு ஜாஸ்தி, அதனாலதான் பேர் சரியா இருக்கணும்னு நாங்க இவ்ளோ மெனக்கெடறோம்.

அந்தப் பேரு அடிக்கடி தப்பாவும் போகுது. 2009ல பெல்ஜியத்துல ஒரு ஆய்வு, டாக்டருங்க கூடிப் பேசி வெஜிடேட்டிவ்னு முடிவு பண்ணின 44 பேர ஒரு முறையான பெட்சைட் டெஸ்ட் வெச்சுப் பாத்தாங்க, 18 பேருக்கு நினைவோட அடையாளம் இருந்துச்சு. அந்த டெஸ்ட்டுக்குப் பேரு சிஆர்எஸ்-ஆர், மெஷின் ஒண்ணும் கெடையாது, காது, கண்ணு, கைகால், வாய், பேச்சுத் தொடர்பு, முழிப்புன்னு ஆறு பகுதி, 23 மார்க். மொத்த மார்க்க விட எந்தப் பகுதில என்ன செஞ்சாருங்கறதுதான் முக்கியம்.

கண்ணுக்கு நாங்க எடுக்கறது கையில பிடிக்கற சாதாரண மூஞ்சி பாக்கற கண்ணாடி. பேனாவயோ டார்ச்சயோ ஆட்டினா திரும்பாத கண்ணு தன் முகம் தெரிஞ்சா திரும்பும், ஆள் நடந்து போறத விடவும் கண்ணாடி நல்லா வேலை செய்யுதுன்னு 2008லயே பாத்திருக்காங்க. முகத்துக்கு முன்னாடி ஒரு அரை ஜாணுக்குக் கொஞ்சம் கூட, 10-15 சென்டிமீட்டர்ல பிடிச்சு, அவர் பார்வை அதுல பதியற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம் மெதுவா ஒரு பக்கம் 45 டிகிரி வரைக்கும் கொண்டு போகணும், திரும்ப நடுவுக்கு வந்து அடுத்த பக்கம், அப்புறம் மேல, கீழ, இப்படி ரெண்டு சுத்து. கண்ணு விடாம, நடுவுல நழுவாம ரெண்டு தடவையாவது பின்னாடியே வந்தாத்தான் கணக்கு. வரலைன்னா ஒரு கண்ண மூடி மறுபடியும், ஏன்னா அடிபட்டவங்களுக்கு ஒரு கண்ணு வேற பக்கம் இழுத்துட்டு இருக்கும், அதுல நல்ல கண்ணும் குழம்பிடும்.

ஒரு எச்சரிக்கை. நினைவு இல்லாதவங்களுக்கும் கண்ணு சும்மா இங்கயும் அங்கயும் அலையும், நாம ஆசையோட பாத்தா அது நம்மளப் பாக்கற மாதிரியே இருக்கும் (நானும் ஏமாந்திருக்கேன்). அதனால அவன் கண்ணு மட்டும் தெரியற மாதிரி, கண்ணாடி தெரியாம வீடியோ எடுங்க, கண்ணாடிய எந்தப் பக்கம் கொண்டு போனீங்கன்னு தனியா எழுதி வெச்சுக்கங்க, அப்புறம் விவரம் தெரியாத ஒருத்தர்ட்ட குடுத்து கண்ணு எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்லச் சொல்லுங்க. ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா அம்மா சொல்றது சரி. செல்போன் செல்ஃபி கேமராவ கண்ணாடியா வெக்காதீங்க, ஸ்க்ரீன் வெளிச்சத்துக்கே கண்ணு போயிடும்.

எங்கிட்ட வந்த ஒருத்தரச் சொல்றேன். மீனாட்சிபுரம் பக்கம் லாரி டிரைவர், 41 வயசு, லோடு மேல இருந்து விழுந்து மூணு மாசம் ஆகியிருந்துச்சு, அவருக்கும் அதே பேர்தான் எழுதியிருந்தாங்க. மொத நாள் நான் போனது மத்தியானம், டியூப்ல கஞ்சி ஊத்தி, ஃபிட்ஸ் மாத்திரையும் கை விறைப்புக்குக் குடுக்கற பேக்லோஃபனும் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகல, அசந்து கெடந்தாரு, ஒண்ணும் வரல. நானும் இல்லன்னு எழுதிட்டுப் போயிருப்பேன், வெளில நின்ன மச்சான் ஒரு வார்த்தை சொன்னாரு, முன்னாடி இருந்த எடத்துல நர்ஸம்மா எல்லாம் "கண்ணு தொறக்கூ, கை பொக்கூ"ன்னுதான் கேப்பாங்க, அடிபட்டவருக்கு மலையாளம் கடைல சாமான் வாங்கற அளவுக்குத்தான் வரும்னு. எனக்கு சுருக்குன்னுச்சு. கட்டளைய வீட்டுப் பாஷைல சொல்லணும்ங்கறது இந்த டெஸ்ட்டோட அரிச்சுவடி, நம்ம எல்லைப் பக்கம் அதுதான் மொதல்ல தவறிப் போகுது.

ரெண்டு வாரத்துல அஞ்சு தடவ பாத்தேன், வேணும்னே வேற வேற நேரத்துல. அஞ்சுங்கறது நான் இஷ்டத்துக்கு வெச்ச கணக்கில்ல, ஒரே தடவ பாத்து முடிவு பண்ணா அஞ்சு தடவ பாத்ததோட ஒப்பிடும்போது மூணுல ஒருத்தருக்கு மேல பேர் தப்பாயிடுதுன்னு 2017ல கணக்குப் போட்டிருக்காங்க. ரெண்டாவது தடவையும் ஒண்ணும் இல்ல. மூணாவது தடவ காலைல ஏழு மணி, மாத்திரைக்கு முன்னாடி, சாய்ச்சு உக்கார வெச்சு, தோள்ல இருந்து கால் வரைக்கும் சதைய நல்லா அழுத்திப் பிடிச்சு முழிக்க வெச்சு, இழுத்துட்டிருந்த வலது கண்ண மூடிட்டு கண்ணாடியக் காட்டினேன், இடது பக்கமா கண்ணு கூடவே வந்துச்சு, ரெண்டு தடவ. நாலாவது தடவ மறுபடி பூஜ்யம், அவரு மனைவி அழுதுட்டாங்க. அஞ்சாவது தடவ கண்ணாடி பின்னாடியே கண்ணு திரும்பவும் வந்துச்சு. "கட்டை விரலத் தூக்குங்க"ன்னு கால் நிமிசத்துக்கு ஒரு தடவயா நாலு தடவ கேட்டேன், கேட்ட பத்து செகண்டுக்குள்ள தூக்கணும், ரெண்டு தடவ தூக்கினாரு. நாலுக்கு மூணு வேணும், அதனால கட்டளைக்கு மார்க் போடல. அதுவும் அவர் விரல் சும்மா எவ்ளோ ஆடுதுன்னு கேக்கறதுக்கு முன்னாடியே ஒரு நிமிசம் எண்ணி வெச்சிருந்தேன், அது தெரியாம கேட்டா தானா ஆடினதையும் பதில்னு எழுதிடுவோம்.

கண்ணாடி மார்க் மட்டும் போதும், அவரு மினிமலி கான்ஷியஸ்தான், மொழி புரியற அடையாளம் இன்னும் வராததால அதுல 'மைனஸ்' வகை. ஆறு வாரம் கழிச்சு விரல் நாலுக்கு மூணு ஆச்சு, 'ப்ளஸ்'. இப்போ ஸ்பூனயும் சீப்பயும் குடுத்தா எது எதுக்குன்னு தெரிஞ்சு பயன்படுத்தறாரு, அப்படி ரெண்டு பொருள சரியா கையாண்டா அந்த நிலைய விட்டே வெளில வந்துட்டாருன்னு அர்த்தம். பேச்சு ரெண்டு மூணு வார்த்தைதான், வண்டியெல்லாம் இனி ஓட்ட முடியாது.

இப்போ ஸ்கேனுக்கு வரேன். சாதாரண எம்ஆர்ஐ மூளைல எங்க காயம்னு காட்டும், நினைவு இருக்கானு காட்டாது. உங்ககிட்ட சொன்னவரு சொல்றது ஃபங்ஷனல் எம்ஆர்ஐயா இருக்கும். 2006ல இங்கிலாந்துல ஏட்ரியன் ஓவன்னு ஒரு விஞ்ஞானி, ரோடு ஆக்சிடென்ட்ல அடிபட்டு அஞ்சு மாசமா எந்த பதிலும் இல்லாத 23 வயசுப் பொண்ண மெஷினுக்குள்ள வெச்சு, டென்னிஸ் ஆடற மாதிரி நெனைங்க, அப்புறம் உங்க வீட்டு ரூம் ரூமா நடந்து போற மாதிரி நெனைங்கன்னு சொன்னாரு. மொதல்ல கைகால் அசைவத் திட்டம் போடற எடத்துல ரத்த ஓட்டம் கூடுச்சு, ரெண்டாவதுல வழி நினைவுக்கான எடத்துல, நல்லா இருக்கற ஆளுங்களுக்கு நடக்கற மாதிரியே. விரல்கூட அசைக்காதவங்க சொன்னதக் கேட்டு செஞ்சிருக்காங்க. ஈஈஜிலயும் இதே மாதிரி செய்யலாம், தலைல வயர் ஒட்டி "வலது கைய மூடி மூடித் தொறங்க", "இப்போ நிறுத்துங்க"ன்னு மாத்தி மாத்தி சொல்லிட்டே மூளை அலை அந்த ரெண்டு நேரத்துக்கும் மாறுதான்னு கம்ப்யூட்டர்ல பிரிச்சுப் பாப்பாங்க.

2024ல வந்த பெரிய ஆய்வுல படுக்கையில கட்டளைக்குப் பதிலே இல்லாத 241 பேர்ல 60 பேருக்கு, அதாவது நாலுல ஒருத்தருக்கு, இந்த டெஸ்ட்டுகள்ல பதில் தெரிஞ்சுது. கேக்கவே திக்குன்னு இருக்கும். ஆனா அதே ஆய்வுல இன்னொரு கணக்கு இருக்கு, படுக்கையில கண்ணு முன்னாடி சொன்னதச் செஞ்ச 112 பேர்ல இந்த டெஸ்ட்டுகள் கண்டுபிடிச்சது 43 பேரத்தான், மீதிப் பேர கோட்டை விட்டுடுச்சு. அப்போ ஸ்கேன்ல பதில் வந்துச்சுன்னா நம்பலாம், வரலைன்னா அதுக்கு ஒரு அர்த்தமும் கெடையாது. தூங்கியிருக்கலாம், காது எலும்பு ஒடைஞ்சு கேக்காம இருந்திருக்கலாம், இடது பக்கம் அடிபட்டு பாஷை புரியாம போயிருக்கலாம், ஒரு வரிய அரை நிமிசம் நினைவுல வெக்க முடியாம இருந்திருக்கலாம். ஆடாம இருக்கட்டும்னு மயக்க ஊசி போட்டு எடுத்தா டெஸ்ட்டே வீண். நம்ம பக்கம் இது ரொட்டீனா செய்யற டெஸ்ட்டும் இல்ல. அதனால கடன் வாங்காதீங்க, இப்போதைக்கு.

மொதல்ல, இப்போ ஓடற மாத்திரை லிஸ்ட்ட நியூரோ டாக்டர்ட்ட காட்டி தூக்கம் குடுக்கறது எதையாவது கொறைக்கலாமான்னு கேளுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க, ஃபிட்ஸ் வந்துடும். தலைல நீர் கோத்திருக்கான்னு சிடி, வெளில தெரியாத ஃபிட்ஸ் ஓடுதான்னு சாதாரண ஈஈஜி, ரத்தத்துல சோடியம், காதுக்கு பேரா டெஸ்ட், இதெல்லாம் அந்த ஸ்கேன விட ரொம்ப கம்மி செலவு, இதுல ஒண்ணு சரியானாலே சில பேர் முழிச்சுக்கறாங்க. அப்புறம் சிஆர்எஸ்-ஆர் பழகின ரீஹேப் டாக்டர் இருக்கற எடமா பாத்து, அஞ்சு தடவ, காலை நேரத்துல, தமிழ்ல பண்ணச் சொல்லுங்க, அம்மா கூடவே நிக்கட்டும், தம்பிய வீட்ல கூப்பிடற பேர டாக்டர்ட்ட சொல்லிடுங்க. அஞ்சு தடவையும் ஒண்ணுமே வரலைன்னா அப்போ ஈஈஜி, ஃபங்ஷனல் எம்ஆர்ஐ பத்திப் பேசலாம். தலையில அடிபட்டவங்களுக்கு ஒரு வருசம் வரைக்கும் 'நாள்பட்டது'ன்னு எழுதறதே இல்ல, உங்க தம்பிக்கு நாலு மாசம்தான் ஆச்சு. கண்ணாடி வீடியோவ தேதியும் நேரமும் போட்டு வெச்சிருங்க, வரும்போது எடுத்துட்டு வாங்க.