போட்டோவில் 24, பிளெண்டரில் எத்தனை?

"சார், முட்டம் பக்கம் கடலைப் பார்த்த ஒரு மனை. அதில் கட்டப்போகும் வீட்டை மனையின் போட்டோவிலேயே வைத்துக் காட்டச் சொல்கிறார்கள். கேனன் 1500டி, 18-55 லென்ஸில் 24 வைத்து எடுத்தேன். பிளெண்டரிலும் 24 கொடுத்தேன். கேட் தூண் பொருந்தினால் பின்னால் இருக்கும் தூண் பொருந்தவில்லை, அதைச் சரிசெய்தால் இது போய்விடுகிறது. வீட்டுக்காரர் மொபைலில் எடுத்து அனுப்பிய படமும் உண்டு, அதில் 4.25 என்று காட்டுகிறது. எந்த எண்ணைப் போடவேண்டும்?"
— நாகர்கோவில் வாசகர்

நீங்கள் போட்ட 24-ல் தப்பில்லை. அதற்குக் கீழே நீங்கள் தொடாமல் விட்ட 36-தான் படுத்துகிறது. பிளெண்டரில் கேமராவைத் தேர்ந்தெடுத்து பச்சைக் கேமரா ஐகானை அழுத்துங்கள். `Camera` என்ற பகுதியில் `Sensor Fit`, அதன் கீழே `Size` இருக்கும். அதில் முன்கூட்டியே 36 mm என்று போட்டு வைத்திருப்பார்கள். அது ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார் அகலம். 1500டி-யின் சென்சார் அவ்வளவு பெரியது அல்ல, அகலம் 22.3 மி.மீ., உயரம் 14.9 மி.மீ. `Size`-ல் 22.3 போட்டாலே உங்கள் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ஏன் என்று தெரிந்துகொண்டால் அடுத்த வேலையில் யாரையும் கேட்கவேண்டியிருக்காது. நீங்கள் போட்ட 24 லென்ஸின் ஃபோகல் லெங்த். அது மட்டும் தனியாக எதையும் சொல்லாது. லென்ஸுக்குப் பின்னால் எவ்வளவு அகலமான சென்சார் இருக்கிறது என்பதும் சேர்ந்தால்தான் படத்தில் எத்தனை டிகிரி விழும் என்று தெரியும். கணக்கு ஒரே வரி:

```
FOV = 2 * atan( w / (2 * f) )
```

இதில் w சென்சார் அகலம், f ஃபோகல் லெங்த். இரண்டும் மி.மீ.-ல் இருக்கட்டும். உங்கள் படத்துக்கு 22.3-ஐ 48-ஆல் வகுத்தால் 0.4646. அதன் atan 24.9 டிகிரி, இரண்டு மடங்கு 49.8 டிகிரி. அதே 24-க்கு 36 மி.மீ. சென்சார் என்று பிளெண்டர் நினைத்துக்கொண்டால் 73.7 டிகிரி வரும். நிஜக் கேமரா பார்த்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கோணத்தை உங்கள் மாயக் கேமரா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. (கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் 0.87 என்று ஏதோ வரும். பயப்படவேண்டாம், டிகிரிக்கு மாற்றிவிட்டுத் திரும்பப் போடுங்கள்.)

இனி அந்தத் தூண் விவகாரம். கோணம் தப்பாக இருந்தால் அது தப்பு என்று திரையில் நேரடியாகத் தெரியாது. பொருள் சிறியதாகத் தெரியும், அவ்வளவுதான். உடனே கேமராவை முன்னால் நகர்த்திப் பொருத்திவிடுவோம். அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது. உதாரணத்துக்கு, கேட் தூண் நீங்கள் நின்ற இடத்திலிருந்து 12 மீட்டர் தூரத்தில், உயரம் 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பக்கச் சுவரோடு 9 மீட்டர் உள்ளே போனால் அதே உயரத்தில் இன்னொரு தூண், அதாவது உங்களிடமிருந்து 21 மீட்டரில். 6000 பிக்சல் அகலமுள்ள உங்கள் படத்தில் முன்தூண் சுமார் 969 பிக்சல் உயரம் இருக்கும், பின்தூண் 553. பிளெண்டரில் 36-ஐ அப்படியே விட்டுவிட்டு முன்தூணை 969-க்குக் கொண்டுவரவேண்டுமானால் கேமராவை 7.4 மீட்டருக்கு நெருக்கிக் கொண்டுபோகவேண்டும். அங்கிருந்து பின்தூண் 16.4 மீட்டரில் இருக்கும், படத்தில் 438 பிக்சல்தான் வரும். போட்டோவில் இருப்பதைவிட 115 பிக்சல் குட்டை.

கேமராவை முன்னும் பின்னும் எவ்வளவு நகர்த்தினாலும் இந்த இரண்டும் ஒன்றாகப் பொருந்தாது. முன்தூணுக்கும் பின்தூணுக்கும் உள்ள விகிதத்தைத் தீர்மானிப்பது கேமரா நின்ற இடம். அந்த இடத்தில் நின்றால் தூண் எத்தனை பிக்சல் வரும் என்பதைத் தீர்மானிப்பது கோணம். இதிலிருந்தே எந்தப் பக்கம் தப்பு என்றும் கண்டுபிடிக்கலாம். கிட்டே இருப்பதைப் பொருத்திய பிறகு தூரத்தில் இருப்பது போட்டோவைவிடச் சிறுத்துப்போனால் மாயக் கேமராவின் கோணம் அதிகம். பெருத்துத் தெரிந்தால் கோணம் குறைவு.

படத்தோடு சேர்த்துக் கேமரா எழுதிவைக்கும் எக்ஸிஃப் எண்ணின் மேல் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. ஜூம் லென்ஸ் 24 என்று எழுதுவது உண்மையில் 23.6 ஆகவும் இருக்கலாம், 24.4 ஆகவும் இருக்கலாம். அதனால் டேப்பை எடுத்துக்கொண்டு மனைக்குப் போகிறவன் நான். படத்தின் நடுப்பக்கமாக வரும்படி ஒரு தூணை வைத்து, கேமராவிலிருந்து அதன் தூரத்தையும் தூணின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். பிறகு முழு அளவுப் படத்தில் தூண் எத்தனை பிக்சல் என்று பாருங்கள். பிக்சலைத் தூரத்தால் பெருக்கி, உயரத்தால் வகுத்தால் பிக்சலில் ஃபோகல் லெங்த் கிடைக்கும். 969 × 12 ÷ 1.8 = 6460. அதை 22.3-ஆல் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் 24.0 மி.மீ. உங்களுக்கு 969-க்குப் பதில் 980 வந்திருந்தால் 24.3 என்று வரும், அதையே போடுங்கள். ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தில் பிக்சலை எண்ணிவிட்டு 6000-ஆல் வகுத்தால் கணக்கு கந்தல்தான்.

கடல் தெரியும் மனை என்பது இந்த வேலையில் உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். உள்நாட்டில், தக்கலை பக்கமோ குலசேகரம் பக்கமோ, தென்னந்தோப்பும் ரப்பரும் மறைத்துக்கொள்ள, கேமரா எவ்வளவு சாய்ந்திருந்தது என்று கட்டடக் கோடுகளை நீட்டித்தான் தேடவேண்டும். முட்டத்தில் தொடுவானக் கோடே அதைச் சொல்லிவிடும். கடல் மட்டத்தையொட்டி நின்று கண் உயரத்தில் பார்க்கும்போது தொடுவானம் சரியான கிடைமட்டத்திலிருந்து ஒரு டிகிரியில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இறங்குவதில்லை. உங்கள் படத்தில் நாலு பிக்சல். விட்டுவிடலாம்.

ஆக, 4000 பிக்சல் உயரமுள்ள படத்தின் நடுக்கோட்டிலிருந்து தொடுவானம் எத்தனை பிக்சல் மேலே இருக்கிறது என்று பாருங்கள். 450 மேலே இருந்தால், 450-ஐ 6460-ஆல் வகுத்து atan எடுங்கள். 4 டிகிரி. கேமரா அவ்வளவு கீழே குனிந்திருந்திருக்கிறது. பிளெண்டரில் நேராகப் பார்க்கும் கேமராவுக்கு X சுழற்சி 90, உங்களுக்கு 86. கோணம் தப்பாக இருந்தால் இந்தச் சாய்வும் தப்பாகும் என்பதைக் கவனியுங்கள். சென்சார் 36 என்றிருந்தால் அதே 450 பிக்சலுக்கு 6.4 டிகிரி வந்திருக்கும், வீடு தரையில் உட்காராமல் வழுக்கிக்கொண்டு நின்றிருக்கும். அதனால் கோணத்தை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் சாய்வுக்கு வாருங்கள். கேமராவின் உயரத்துக்கு நீங்கள் நின்று பிடித்த உயரத்தை அப்படியே கொடுங்கள். சாய்வும் உயரமும் தெரிந்துவிட்டால், மிச்சம் இருப்பது கேமரா நின்ற இடமும் திரும்பியிருந்த திசையும் மட்டுமே. பக்கவாட்டில் லேசாகச் சரிந்திருந்தால் அதையும் தொடுவானமே காட்டிக்கொடுக்கும்.

அதே கோட்டில் இன்னொரு சோதனையும் இருக்கிறது. தொடுவானம் படத்தின் மேல் ஓரத்துக்குக் கிட்டே வரும்போது வில்லாக வளைந்தால், அது லென்ஸின் கோளாறு. இந்த லென்ஸ் 18-ல் நன்றாகவே வளைக்கும், 24-ல் அவ்வளவு இல்லை. பிளெண்டரின் கேமராவுக்கு வளைக்கத் தெரியாது. ஆகவே போட்டோவின் வளைவை முதலில் நிமிர்த்துங்கள், தூண் அளவை நிமிர்த்திய படத்தில் எடுங்கள். நிமிர்த்தும்போது ஓரம் கொஞ்சம் வெட்டுப்படுவதால் கோணமும் சற்று மாறும்.

ரெண்டர் அளவும் போட்டோவின் விகிதத்திலேயே இருக்கவேண்டும். 6000 × 4000, அல்லது பாதி, கால் என்று எதுவும் சரி. 1920 × 1080-ஐ அப்படியே விட்டால் அகலக் கோணம் மாறாது, மேலும் கீழும் வெட்டுப்படும். நெட்டுக்குத்தாக எடுத்த படமாக இருந்தால் `Sensor Fit`-ஐ `Auto`-வில் விடுங்கள்; 22.3-ஐ நீண்ட பக்கத்துக்கு அதுவே எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, வெட்டின போட்டோவை வைத்து வேலை செய்யாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் படத்தின் நடு இடம் மாறிவிடும், அதை `Shift` எண்களால் ஈடுகட்டலாம்தான், ஆனால் முழுப் படத்தோடு பொருத்திவிட்டுக் கடைசியில் வெட்டுவது எவ்வளவோ சுலபம்.

வீட்டை வெப்சைட்டில் சுழற்றிக் காட்டக் கேட்டால் ஒரு விஷயம்: அதற்குப் பயன்படும் த்ரீ.ஜேஎஸ் கேட்கும் `fov` உயரவாக்கில் உள்ள கோணம். அங்கே w-க்குப் பதில் 14.9 போட்டுக் கணக்கிடுங்கள், 34.5 வரும். யூனிட்டியும் முன்கூட்டியே உயரவாக்கில்தான் எடுத்துக்கொள்ளும்.

இனி மொபைல் படம். 4.25 என்பது அந்தக் குட்டி லென்ஸின் நிஜ ஃபோகல் லெங்த். சென்சார் அகலம் தெரியாமல் அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. விளம்பரத்தில் போடும் 1/2.55 இன்ச் என்பதையும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அந்த இன்ச் நிஜ இன்ச் அல்ல, பழைய வீடியோக் குழாய் காலத்து வழக்கம். அந்த சென்சாரின் மூலைவிட்டம் 7 மி.மீ. சொச்சம்தான். அதே எக்ஸிஃப்பில் 35 மி.மீ.-க்குச் சமமான எண் ஒன்று இருக்கும், `FocalLengthIn35mmFilm` என்று. அதில் 26 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே 26-ம் 36-ம் போட்டால் 69.4 டிகிரி வரும், அதுவும் தப்பு. இந்தச் சமக் கணக்கு பொதுவாக மூலைவிட்டத்தை வைத்துப் போடப்படுவது. ஃபுல் ஃப்ரேமின் மூலைவிட்டம் 43.27 மி.மீ. மொபைல் படம் 3:2 அல்ல, 4:3. அதே மூலைவிட்டமுள்ள 4:3 சட்டத்தின் அகலம் 43.27-ல் 0.8 பங்கு, அதாவது 34.6. ஆகவே `Focal Length` 26, `Size` 34.6. கோணம் 67.3 டிகிரி. இரண்டு டிகிரிதானே என்று தோன்றும். 4000 பிக்சல் அகலப் படத்தில் ஓரத்தில் நிற்கும் தூண் எழுபது எண்பது பிக்சல் தள்ளிப்போக அது போதும்.

மொபைலில் இரண்டு மடங்கு ஜூம் செய்து எடுத்திருந்தால் பெரும்பாலும் 4.25 அப்படியே இருக்கும், 26 மட்டும் 52 ஆகியிருக்கும். 52-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த படத்தில் இந்த எண்கள் எதுவும் மிஞ்சாது. உங்களுக்கு 4.25 தெரிகிறது என்றால் அவர் வேறு வழியில் அனுப்பியிருக்கவேண்டும். அடுத்த முறை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவேன் என்றால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், கேட் தூணின் உயரத்தையும் அளந்து எழுதச் சொல்லுங்கள்.