சாம்பார் பொடி பை முகப்பில் தமிழ்ப் பெயருக்கு எவ்வளவு இடம்?

"படத்தில் பெயருக்கு விட்ட இடத்தில் ஆங்கிலம் பொருந்துகிறது, தமிழ் அடங்கவில்லை. எவ்வளவு விடணும்?"

தமிழை முதலில் அளந்து இடம் விடுங்கள், மிச்சம் ஆங்கிலத்துக்கு.

ஆங்கிலப் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்து அளந்திருப்பீர்கள். அதில் மேலேயும் கீழேயும் ஒன்றும் நீளாது. தமிழில் நீளும்.

உயரம் பார்க்க 'மிளகுத்தூள்' என்றும், நீளம் பார்க்க 'சாம்பார் பொடி' என்றும் அதே எழுத்துருவில், அச்சு அளவிலேயே அடித்துத் தாளில் எடுங்கள். விசிறி, புள்ளி, கீழ்ச்சுழி எல்லாம் 'மிளகுத்தூள்' என்பதில் உண்டு. அந்த உயரத்துக்கும் நீளத்துக்கும் ஒரு கட்டம் போட்டு, நாலு பக்கமும் 3 மி.மீ. கூட்டுங்கள். அந்த இடத்தில் படம் வெறும் நிறமாக இருக்கட்டும். மிளகாய், கறிவேப்பிலை எதுவும் எட்டிப்பார்க்க வேண்டாம்.

அளப்பதற்கு முன், இன்டிசைனில் `Adobe World-Ready Paragraph Composer` தேர்ந்திருக்கிறதா பாருங்கள். 'பொடி'யில் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நின்றால், அந்த அளவு செல்லாது.