திருத்தம் சொன்னவருக்கு வரும் 🤓

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியதில் இருந்த பிழையைச் சுட்டிக்காட்டினேன். பதிலாக 🤓☝️ என்று மட்டும் வந்தது. இது பாராட்டா, கேலியா? நான் சொன்னது சரிதானே?

கேலிதான். ஆனால் நீங்கள் சொன்னது தவறு என்று அந்தப் படம் சொல்லவில்லை என்பதை முதலில் கவனியுங்கள். சரியோ தவறோ, அதை இப்போது யார் கேட்டார்கள் என்பதுதான் அதன் பொருள். இந்த வேறுபாடு பிடிபடாமல் நானே ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பிழை திருத்துநராக வேலை பார்த்தவன். எங்கள் குடும்பக் குழுவில் என் அக்காள் மகன், தன் அறையில் வரைந்த ஓவியத்தைப் படமெடுத்துப் போட்டு, "ஒரு வாரமாகச் சுவற்றில் வரைந்தது" என்று எழுதியிருந்தான். ஓவியம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. நானோ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், "சுவற்றில் அன்று, சுவரில்" என்று பதில் போட்டேன். அரை நிமிடத்தில் 🤓☝️ வந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். கிணறு, வயிறு போன்ற சொற்கள் "று" என்று முடிவதால் கிணற்றில், வயிற்றில் என்று றகரம் இரட்டிக்கும் என்றும், சுவர் என்பது ரகர மெய்யில் முடிவதால் ஊரில், மலரில் என்பதைப் போலச் சுவரில் என்றே வரும் என்றும் ஒரு பத்தி எழுதினேன். அந்தப் பத்தியிலிருந்து "றகரம் இரட்டிக்கும்" என்ற இரண்டு சொற்களை மட்டும் மேற்கோள் குறிக்குள் எடுத்துப் போட்டு, அருகில் மறுபடியும் 🤓 வைத்தான். குழுவில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். இலக்கணத்தில் நான் வென்றேன், குழுவில் தோற்றேன்.

இந்தக் கேலி எப்படி வேலை செய்கிறது என்பது அந்த இரண்டாவது பதிலில்தான் தெரிகிறது. கேலி செய்பவர் தம் தரப்பில் எந்த வாதமும் வைப்பதில்லை. நீங்கள் சொன்னதையே திருப்பி எடுத்து, அதைச் சொல்லும் ஒரு முகத்தை மட்டும் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார். தடித்த சட்டம் போட்ட கண்ணாடி, முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பற்கள், வகுப்பில் முந்திக்கொண்டு விடை சொல்லும் பிள்ளையின் பூரிப்பு. உயர்த்திய விரல், "ஒரு நிமிடம், உண்மையில் என்னவென்றால்" என்று இடைமறிக்கும் தோரணை. படிப்பவர் உங்கள் வாக்கியத்தை அந்த முகத்தின் குரலிலேயே மனத்துக்குள் வாசித்துவிடுகிறார். வாதம் இல்லாத இடத்தில் மறுக்கவும் எதுவும் இல்லை. நீங்கள் விளக்கம் தரத் தர, மேற்கோள் காட்டுவதற்குப் புதுச் சரக்கு கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இந்த முகம் 2015ஆம் ஆண்டு யூனிகோட் 8.0 பதிப்பில் சேர்ந்தது. யூனிகோட் பட்டியலில் இதன் பெயரே `NERD FACE` என்பதுதான், குறியீட்டெண் U+1F913. நம் கல்லூரிகளில் "படிப்ஸ்" என்று யாரை ஓட்டுவோமோ, ஏறக்குறைய அவரையே அந்த ஆங்கிலச் சொல்லும் குறிக்கிறது. ஆகவே கேலி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது, பெயரிலேயே அதன் விதை இருந்தது. இருந்தும் பலர் இதைத் தேர்வு முடிவு வந்த மகிழ்ச்சிக்கும், புதுக் கண்ணாடி வாங்கிய செய்திக்கும், இரவெல்லாம் படித்தேன் என்று சொல்வதற்கும் நல்ல மனத்தோடு அனுப்பினார்கள், இன்றும் அனுப்புகிறார்கள். என் பெரியம்மா தன் பேத்தியின் மதிப்பெண் பட்டியலுக்கு இதை அனுப்பியதில், அந்தப் பெண் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

யூனிகோட் அமைப்பு எண்ணையும் பெயரையும்தான் நிலைப்படுத்துகிறது. பற்கள் எவ்வளவு நீளம், கண்ணாடி எவ்வளவு பெரிது என்பதையெல்லாம் ஆப்பிள், கூகுள் போன்ற நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி வரைகின்றன. கண்ணாடி அணிந்த 10 வயது இங்கிலாந்துச் சிறுவன் ஒருவன், ஆப்பிளின் முயல் பற்கள் தன்னைப் போன்றவர்களைப் புண்படுத்துகின்றன என்று 2023இல் கையெழுத்து திரட்டி, பற்களுக்குப் பதிலாகச் சிறு புன்னகை வைத்த மாற்றுப் படம் ஒன்றையும் வரைந்து காட்டினான். கேலியின் பாரம் எங்கே இருக்கிறது என்பதை அவன் சரியாகப் பிடித்தான் என்றே நினைக்கிறேன். பற்களை நீக்கிவிட்டால் அது வெறும் கண்ணாடி போட்ட முகம், அதை வைத்து யாரையும் ஓட்ட முடியாது.

நம்மிடம் இதற்கு முன்பே ஒரு சொல் இருந்தது. பிழை பிடிப்பவரைப் பார்த்து, "வந்துவிட்டார் நக்கீரர்" என்போம். ஆனால் நக்கீரர் என்று ஓட்டும்போது அதில் பாதி மரியாதை கலந்திருக்கிறது, ஏனென்றால் அவர் பிழை கண்டது இறைவனிடத்தில். 🤓 வாங்குபவரோ பெரும்பாலும் தமக்குச் சமமானவரிடமோ இளையவரிடமோ பிழை கண்டவர். அதனால்தான் இதில் மரியாதை மிஞ்சுவதில்லை.

உங்களுக்கு வந்தது எந்த வகை என்று அறிய அது வந்த விதத்தைப் பாருங்கள். உங்கள் செய்தியின் மேல் தனி முகமாக மட்டும் ஒட்டியிருந்தால் அது செல்லச் சீண்டல். உங்கள் சொற்களை மேற்கோள் காட்டி வந்தால் பிறர் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே செய்தது. சிலர் திருத்தம் சொல்லும்போது தாமே முன்கூட்டி இதைப் போட்டுக்கொள்வார்கள். அதே அக்காள் மகன், நான் "வீட்டின் அருகாமையில்" என்று எழுதியபோது, "🤓☝️ மாமா, அருகில்" என்று அனுப்பினான். தன்னையே முதலில் கேலி செய்துகொண்டுவிட்டதால் எனக்குக் கோபம் வரவில்லை, திருத்திக்கொண்டேன். திருத்தம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் இது நல்ல வழி.

ஆனால் எல்லாத் திருத்தமும் அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடாது. சென்ற ஆண்டு ஒரு திருமணத்துக்குப் போக எங்கள் ரயில் 14ஆம் தேதி 00.10 மணிக்குப் புறப்படுவதாகப் பயணச்சீட்டில் இருந்தது. ஒருவர் குழுவில், "14ஆம் தேதி இரவு எல்லோரும் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள்" என்று எழுதினார். நள்ளிரவு தாண்டினால் தேதி மாறிவிடும், எனவே 13ஆம் தேதி இரவே வர வேண்டும் என்று நான் எழுதியதற்கும் 🤓 வந்தது. இங்கே வாயை மூடிக்கொண்டிருந்தால் அத்தனை பேரும் வண்டியை விட்டிருப்பார்கள். நான் அந்த முகத்துக்குப் பதில் சொல்லவில்லை, தேதி மாறும் கணக்கையும் மறுபடி விளக்கவில்லை. "13ஆம் தேதி, சனிக்கிழமை, இரவு 11 மணி, ஸ்டேஷன் வாசல்" என்று ஒரே வரியில் போட்டேன். முகத்தை அனுப்பியவர்தான் அன்று எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.