தொட்டி மண்ணில் மண்புழுவும் கறையானும்: எதை விடலாம், எதை விடக்கூடாது?

வாசகர் கேள்வி: "வீவக வீட்டின் தாழ்வாரத்தில் பெரிய தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன். சில வாரங்களாக இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. மண்ணைக் கிளறியபோது மேலே இரண்டு மூன்று மண்புழுக்களும், ஓரமாக அரிசி நிறத்தில் சிறிய பூச்சிகளும் இருந்தன. கறையான் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. இவை வேரைத் தின்கின்றனவா? மருந்து ஊற்றலாமா?"

மருந்தை இப்போது ஊற்ற வேண்டாம். உங்கள் தொட்டியில் இருப்பவை முற்றிலும் வேறுபட்ட இரண்டு உயிர்கள். அவற்றில் மண்புழுவால் செடிக்கு ஆபத்து இல்லை. அதற்குப் பல் கிடையாது. மக்கிய இலையையும் அதிலுள்ள நுண்ணுயிர்களையும் மண்ணோடு சேர்த்து விழுங்குமே தவிர, உயிருள்ள வேரைக் கடிக்க அதனால் இயலாது. ஆனால் மண்புழு இருந்தாலே மண் வளமாகிவிடும் என்ற நம்பிக்கை, தோட்டத்திற்குப் பொருந்தும் அளவுக்குத் தொட்டிக்குப் பொருந்தாது. தோட்டத்தில் அது ஆழமாகச் சென்று வரும், மேலிருந்து சருகும் தொடர்ந்து விழும். தொட்டியிலோ இருக்கும் மக்கு தீர்ந்தபின் அது அதே மண்ணையே திரும்பத் திரும்ப விழுங்கி வெளியேற்றுவதால், மண் நைந்து, அடியிலுள்ள வடிகால் துளைகளைப் பிசுபிசுப்பான எச்சம் அடைத்துவிடக்கூடும். பெரிய தொட்டியில் நாலைந்து புழுக்கள் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். கிளறும் இடமெல்லாம் புழு தென்பட்டால், தொட்டியைக் கால் மணி நேரம் வாளித் தண்ணீரில் இறக்கி வையுங்கள். மேலே ஏறி வருபவற்றை எடுத்துப் புல்தரையில் விட்டுவிடலாம்.

மண்புழு தோலால் மூச்சு விடுவது. மண்ணில் நீர் தேங்கிக் காற்று குறைந்தாலோ, உரம் மிகுந்து உப்பு ஏறினாலோ, அது இரவில் தொட்டியை விட்டு வெளியேறித் தரையில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஆகவே காலையில் வாசலில் செத்த புழுக்களைக் கண்டால், நீரையும் உரத்தையும் பற்றிய எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொள்ள வேண்டும். கறிவேப்பிலைக்கு ஈரம் தேங்குவது சற்றும் ஆகாது. இலை மஞ்சளாகி உதிர்வதற்கு நான் முதலில் சந்தேகிப்பதும் அதைத்தான்.

இனி அந்த அரிசி நிறப் பூச்சிகள். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும். கறையானுக்கு உடல் ஒரே சீராகவும், உணர்கொம்பு நேராகச் சிறுமணிகளைக் கோத்ததுபோலவும் இருக்கும். கூட்டத்தில் மஞ்சள்தலைச் சிப்பாய்கள் சில இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றைக் குச்சியால் சீண்டும்போது அதன் நெற்றியிலிருந்து பால் போன்ற துளி கசிந்தால், அது பெரும்பாலும் கோப்டோடெர்மஸ் இனம். சிங்கப்பூரில் கட்டடங்களின் மரவேலைகளை மிகுதியாகச் சேதப்படுத்துவது அவ்வினத்தைச் சேர்ந்த கோப்டோடெர்மஸ் ஜெஸ்ட்ராய். பூங்காக்களில் மண்மேடு எழுப்பி வாழும் மேக்ரோடெர்மஸ் வேறு வகை. உயரத்தில் உள்ள தாழ்வாரத்துக்கு அது வருவது அரிது.

கறையானுக்கு வேண்டியது செல்லுலோஸ். தொட்டியில் அதை நாமே வைத்துவிடுகிறோம்: மரப்பட்டைத் துண்டுகள், அடியில் விரித்த அட்டை, முட்டுக்கொடுத்த சாத்தே குச்சி, அரைகுறையாக மக்கிய மரத்தூள். ஆகவே கறையான் இருக்கிறது என்பதால் வேர் போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது. அது செத்த வேரை மட்டுமே தின்றுகொண்டிருக்கலாம். நீர் தேங்கி வேர் அழுகியிருக்கும், அழுகியதை உண்ணக் கறையான் வந்திருக்கும், பழி மட்டும் கறையான்மேல் விழும். ஆனால் செத்தது தீர்ந்தபின் தண்டின் அடிப்பட்டையையும் தடித்த வேர்களையும் அது தொடக்கூடும்; ஏற்கெனவே நலிந்த செடியில் இது விரைவாக நிகழும்.

எது நடந்திருக்கிறது என்பதைச் செடியை வெளியே எடுத்துத்தான் அறிய முடியும். ஆனால் தொட்டியை நகர்த்துவதற்கு முன், அதன் அடியிலும் ஒட்டியிருக்கும் சுவரிலும் பென்சில் தடிமனில் மண்ணால் கட்டிய பாதை ஏதும் ஓடுகிறதா என்று டார்ச் விளக்கில் பாருங்கள். ஏதும் இல்லையெனில், பழைய வெள்ளைத் துணியை விரித்து, தொட்டியைச் சாய்த்து மண்கட்டியோடு செடியை வெளியே எடுத்து, வேர்களைத் தண்ணீரில் அலசுங்கள். பழுப்பேறிய வேரை விரலால் இழுத்தவுடன் மேல்தோல் உறைபோல் கழன்று நடுவே நூல் போன்ற நரம்பு மட்டும் எஞ்சி, நாற்றமும் வந்தால், அது அழுகல். மற்ற வேர்கள் உறுதியாக இருக்க, ஒரு தடித்த வேரின் அல்லது தண்டடியின் பட்டை உரிக்கப்பட்டு, உள்ளே குடைந்த இடத்தில் மண் திணிக்கப்பட்டிருந்தால், அது கறையான் வேலை. மண்ணுக்கு மேலுள்ள தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் செடியைக் காப்பாற்ற இன்னும் வாய்ப்புண்டு.

இரண்டு நிலையிலும் செய்ய வேண்டியது பெரும்பாலும் ஒன்றுதான். அழுகிய வேரையும் குடையப்பட்ட பகுதியையும் சுத்தமான கத்தரியால் வெட்டி, அதற்கேற்பக் கிளைகளையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, புதிய மண்ணில் நடுங்கள். தோட்ட மண்ணோடு பெர்லைட்டையோ பருமணலையோ கலந்து, சலித்த மக்கு உரம் சேர்த்தால் போதும். மரப்பட்டை, அட்டை, மரக்குச்சி எதுவும் வேண்டாம். பழைய மண்ணை மற்றத் தொட்டிகளுக்குப் பகிராமல், கெட்டியான பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். தொட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, உலோகத் தாங்கியில் வையுங்கள். அடித்தட்டில் நீர் நிற்கவே கூடாது. கொசு பெருகுவதைத் தடுக்க இங்கே நாம் எப்படியும் செய்ய வேண்டிய காரியம்தான் அது.

சுவரில் மண்பாதை தெரிந்தால் நிலைமை வேறு. அப்போது உங்கள் கவலை செடியை விட்டு வீட்டுக்கு நகர வேண்டும், ஏனெனில் தொட்டி அவற்றின் இரைதேடும் இடம் மட்டுமே; இராணி இருக்கும் கூடு வேறெங்கோ இருக்கும், அதில் கறையான்கள் பல இலட்சமாகவும் இருக்கலாம். கடையில் வாங்கும் தெளிப்பானை அடித்தால் கண்ணில் பட்டவை சாகும், மற்றவை பாதையை மாற்றிக் கதவுச் சட்டத்திலோ சமையலறை அலமாரியிலோ ஏறும். பாதையைச் சுரண்டாமல், படம் எடுத்து வைத்துக்கொண்டு, தாழ்வாரம் பொது இடம் என்பதால் நகர மன்றத்திடம் தெரிவியுங்கள். வீட்டுக்குள்ளும் அடையாளம் இருந்தால் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழையுங்கள். அவர்கள் வைக்கும் இரைப்பொறியில், கறையான் தோலுரிப்பதைத் தடுக்கும் மருந்து இருக்கும். வேலைக்காரக் கறையான்கள் அதைத் தின்று கூட்டில் மற்றவற்றுக்கும் ஊட்டுவதால் கூடே அழிகிறது. அதற்குப் பல வாரங்கள் ஆகும்; நடமாட்டமுள்ள பாதை கலையாமல் இருந்தால்தான் பொறியை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.

கறிவேப்பிலைத் தொட்டியில் மட்டும் எவரையும் கறையான் மருந்து ஊற்ற அனுமதிக்காதீர்கள். ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகள் மண்ணில் நெடுநாள் தங்கக்கூடியவை. இமிடாகுளோப்ரிட் வேர் வழியாக இலைக்கும் ஏறும். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் அந்தச் செடியின் இலையைச் சமையலில் சேர்க்காமல், புதிய கன்று ஒன்றைப் புதிய மண்ணில் வைத்துக்கொள்வதே நல்லது.