கேமரா சூடானதும் வீடியோவில் முளைக்கும் புள்ளிகள்: புது பாடி வாங்க வேண்டுமா?

கேள்வி: மங்கலான வெளிச்சத்தில் மேடை நாடகங்களை மிரர்லெஸ் கேமராவில் பதிவு செய்கிறேன். 4கே, நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/25, ஐஎஸ்ஓ 12800, கூடவே வந்த f/4 லென்ஸ். முதல் கால் மணி நேரம் ஒன்றும் தெரிவதில்லை. அப்புறம் இருட்டான பகுதிகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் வர ஆரம்பித்து, நேரம் போகப் போகக் கூடுகின்றன. பிக்சல் மேப்பிங் செய்தும் பயனில்லை. சென்சார் போய்விட்டதா? புது பாடி வாங்கிவிடவா?

பதில்: பாடிக்கு இப்போதே காசு எடுத்து வைக்காதீர்கள். சென்சார் போயிருந்தால் கேமராவை ஆன் செய்த நிமிடமே புள்ளி தெரியும். உங்களுடையது கால் மணி நேரம் கழித்து வருகிறது, அதாவது சூடு ஏறினால்தான் வருகிறது. சென்சாரில் வெளிச்சமே படாவிட்டாலும் ஒவ்வொரு பிக்சலிலும் கொஞ்சம் மின்னூட்டம் தானாகக் கசிந்து சேரும். சிலிக்கானில் சின்னக் குறை உள்ள பிக்சல்களில் இந்தக் கசிவு மற்றவற்றைவிடப் பல மடங்கு. வெப்பம் தோராயமாக 6 முதல் 8 டிகிரி செல்சியஸ் ஏறினாலே கசிவு இரண்டு மடங்காகிவிடும். 30 டிகிரியில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த பிக்சல் 45ஐத் தாண்டும்போது நான்கு மடங்குக்கு மேல் பிரகாசமாகி, கறுப்புத் திரைச்சீலையின் நடுவில் பளிச்சென்று நிற்கும். எல்லா கேமராவிலும் இப்படிச் சில பிக்சல்கள் உண்டு, நீங்கள் வாங்கப் போகிற புதியதிலும்.

முதலில் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு, மேனுவலில் அதே ஷட்டர், அதே ஐஎஸ்ஓவில், கேமரா ஆறியிருக்கும்போது பத்து நொடி பதிவு செய்யுங்கள். பிறகு அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, மூடியோடு இன்னொரு பத்து நொடி. இரண்டையும் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலாவது சுத்தமாக இருந்து இரண்டாவதில் புள்ளிகள் இருந்தால் காரணம் சூடுதான். (பார்க்கும்போது வீடியோ ஜன்னலைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். புள்ளி கூடவே நகராமல் அதே இடத்தில் நின்றால் குறை உங்கள் மானிட்டரில். சிரிக்காதீர்கள், இதைக் கவனிக்காமல் கேமராவைச் சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.)

இனி, பலரும் சொல்லும் ஒரு ஆலோசனையைப் பற்றி. ‘ஷட்டரை 1/50 ஆக்கு, கசிவு பாதியாகும்’ என்பார்கள். கசிவு பாதியாவது உண்மைதான். ஆனால் வெளிச்சமும் பாதியாகிவிடுகிறதே, அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை இரண்டு மடங்காக்குவீர்கள், புள்ளியும் பழையபடி வந்து நிற்கும். ஐஎஸ்ஓவைக் குறைத்து எடிட்டிங்கில் ஏற்றினாலும் இதே கதைதான். படத்தின் பிரகாசம் மாறக்கூடாது என்றால் புள்ளியைக் குறைக்க இரண்டே வழி: சென்சாருக்கு நிஜமாகவே அதிக வெளிச்சம் தருவது, அல்லது சென்சாரின் சூட்டைக் குறைப்பது.

முதல் வழிக்கு லென்ஸ். f/4க்குப் பதில் f/2 போட்டால் நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. அதே 1/25 ஷட்டரில் ஐஎஸ்ஓ 12800இலிருந்து 3200க்கு இறங்கலாம், புள்ளிகளும் கால்வாசிப் பிரகாசத்துக்கு இறங்கும், பெரும்பாலானவை சாதாரண இரைச்சலுக்குள் மறைந்துவிடும். ஷட்டரை 1/50க்கு மாற்றி ஐஎஸ்ஓ 6400 வைத்தாலும் புள்ளிகளைப் பொறுத்தவரை பலன் அதேதான், நடிகர்களின் அசைவு இழுபடாமல் வரும் என்பது கூடுதல் லாபம், நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். f/1.8 ஒற்றைக் குவியத்தூர லென்ஸ் பெரும்பாலும் புது பாடியைவிட மலிவு. ஜூம் இருக்காது, குவிய ஆழம் குறையும், மேடையில் முன்னே பின்னே நிற்பவர்களை ஒரே நேரத்தில் ஃபோகஸில் வைப்பது சிரமம். அதையும் யோசித்து வாங்குங்கள்.

சூட்டைக் குறைக்கப் பெரிதாகச் செலவில்லை. பின்பக்கத் திரையை மடித்து வைக்காமல் உடலை விட்டு வெளியே இழுத்து வையுங்கள். திரைக்குப் பின்னால்தான் சூடு வெளியேறுகிறது. ஓடும்போதே யூஎஸ்பியில் பேட்டரியைச் சார்ஜ் செய்வதை நிறுத்துங்கள், அதுவும் உள்ளே சூட்டைக் கூட்டும். காட்சி இடைவேளையில் கேமராவை ஸ்டாண்ட்பையில் விடாமல் ஆஃப் செய்யுங்கள், ஏனென்றால் பதிவு ஓடாவிட்டாலும் திரையில் படம் தெரிகிற வரை சென்சார் வேலை செய்துகொண்டே இருக்கிறது. திரைக்குப் பின்னால் மாட்டும் சின்ன விசிறியும் கிடைக்கிறது, ஆனால் அதன் சத்தம் கேமரா மைக்கில் ஏறும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுக்கும் யோசனை மட்டும் வேண்டாம், வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும்.

பிக்சல் மேப்பிங் ஏன் பயன்படவில்லை என்பதற்கும் காரணம் சூடுதான். அது மூடியபடி ஒரு இருட்டுப் படம் எடுத்து, அதில் பிரகாசமாகத் தெரியும் பிக்சல்களைக் குறித்து வைத்துக்கொண்டு, இனி அவற்றுக்குப் பதில் பக்கத்துப் பிக்சல்களின் மதிப்பைப் போடுகிறது. கேமரா ஆறியிருக்கும்போது செய்தால், சூட்டில் மட்டும் விழிக்கும் பிக்சல்கள் அந்தப் பட்டியலில் விழாது. ஆகவே கால் மணி நேரம் பதிவு செய்து கேமரா வெதுவெதுப்பான பிறகு, மூடியைப் போட்டுச் செய்து பாருங்கள். மெனுவில் Pixel Mapping என்றோ பானசோனிக்கில் Pixel Refresh என்றோ இருக்கும். சில கேமராக்கள் சூடாக இருந்தால் மறுத்துவிடும், சில கையேடுகள் பதிவுக்குப் பின் ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லும், அதன்படியே செய்யுங்கள்.

ஏற்கெனவே எடுத்த வீடியோக்களுக்கு, நேரப்போக்கில் இரைச்சல் நீக்கும் வசதியை நம்ப வேண்டாம். அது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுவதைத்தான் இரைச்சல் என்று எடுத்துக்கொள்கிறது, அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் புள்ளியைப் படத்தின் விவரம் என்று நினைத்துப் பத்திரமாக விட்டுவிடும். டாவின்சி ரிசால்வின் ஸ்டூடியோ பதிப்பில் Dead Pixel Fixer இருக்கிறது. காசில்லாமல் என்றால், கட்டளை தட்டச்சு செய்து இயக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள். பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி ஒரே பிக்சலாக இருக்காது, நிறத்தைக் கணக்கிடும்போதும் சுருக்கும்போதும் சுற்றிலும் கசிந்து சின்னக் கூட்டல் குறிபோல் ஆகியிருக்கும். அதனால் 8 பிக்சல் சதுரமாக மூடுங்கள்:

```
ffmpeg -i in.mp4 -vf "delogo=x=1203:y=640:w=8:h=8,delogo=x=2410:y=1122:w=8:h=8" -crf 16 -c:a copy out.mp4
```

x, y என்பவை சதுரத்தின் இடது மேல் மூலை, புள்ளி நடுவில் வரும்படி வையுங்கள். மூடியோடு எடுத்த அந்தச் சூடான பத்து நொடி இங்கே வரைபடமாக உதவும். ஒரு எச்சரிக்கை: ஆட்டம் நீக்குவது, வெட்டிப் பெரிதாக்குவது எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்துவிடுங்கள். ஆட்டம் நீக்கியபின் புள்ளி படத்துக்குள் அலையத் தொடங்கும், அப்புறம் ஒவ்வொரு ஃப்ரேமாகத் துரத்த வேண்டியதுதான்.

வாரண்டி இருந்தால் சர்வீஸுக்குப் போக வேண்டிய நிலை ஒன்று உண்டு. ஆறிய கேமராவில், குறைந்த ஐஎஸ்ஓவில், 1/50 ஷட்டரில், மேப்பிங் முடிந்த பிறகும் புள்ளி தெரிந்தாலோ, புள்ளிக்குப் பதில் முழு நீளத்துக்கு ஒரு கோடே ஓடினாலோ அது வேறு பழுது. அந்த மூடிய கிளிப்பைக் கையோடு எடுத்துப் போங்கள். சூட்டில் மட்டும் வரும் நாலு புள்ளிக்குப் போனால், பெரும்பாலும் மேப்பிங் செய்து அப்படியே திருப்பிக் கொடுப்பார்கள்.