ஆர்.ஓ. மெஷின் பம்ப் பாதி நாள் ஓடுகிறது: கரண்ட் எங்கே வீணாகிறது?

கேள்வி: பெங்களூரு ஹொரமாவு பக்கம் அபார்ட்மெண்டில் இருக்கிறோம். போர் தண்ணீர்தான், கோடையில் டேங்கர். 4 பேருக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் போல ஆர்.ஓ. தண்ணீர் செலவாகும். முன்பு இரண்டு மணி நேரத்தில் வேலையை முடிக்கும் மெஷின் இப்போது நாலைந்து மணி நேரம் ஓடுகிறது. டெக்னீஷியன் பம்பை மாற்றச் சொல்கிறார். கரண்ட் பில் எவ்வளவு ஏறும், எப்படிக் குறைப்பது?

பதில்:

பில்லைப் பற்றிய கவலையை முதலில் முடித்துவிடலாம். சுவரில் மாட்டும் ஆர்.ஓ.வில் இருப்பது 24 வோல்ட் டிசி பம்ப். ஓடும்போது ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும், அதாவது 25 முதல் 30 வாட். அடாப்டரில் கொஞ்சம் சூடாகப் போகும். யு.வி. விளக்கு இருந்தால் அதற்கு 11 வாட். எல்லாம் சேர்த்து 45 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரில் 60 வாட் என்று போட்டிருப்பது உச்ச அளவு, எப்போதும் அவ்வளவு இழுக்காது.

நல்ல நிலையில் உள்ள மெஷின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 180 மில்லி நல்ல தண்ணீர் கொடுக்கும். 20 லிட்டருக்கு 111 நிமிடம். மாதத்துக்கு 2.5 யூனிட். வரி, சர்சார்ஜ் எல்லாம் சேர்த்து யூனிட் 7 ரூபாய் என்று போட்டாலும் 18 ரூபாய்கூட ஆகாது. உங்கள் மெஷின் இப்போது நிமிடத்துக்கு 70 மில்லிதான் கொடுக்கிறது என்று கொள்வோம். அதே 20 லிட்டருக்கு 286 நிமிடம், ஏறத்தாழ நாலே முக்கால் மணி நேரம். நீங்கள் சொல்லும் நேரத்தோடு இது ஒத்துப்போகிறது. மாதம் 6.4 யூனிட், 45 ரூபாய். ஆக, பில்லில் ஏறுவது 30 ரூபாய்க்கும் கீழ்தான். அதற்காகப் பல ஆயிரம் செலவழிப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. பம்ப் ஓடும் நேரமெல்லாம் கழிவுக் குழாயிலும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டு மெஷின்களில் பரவலாக இருக்கும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் நிமிடத்துக்கு 450 மில்லியை வெளியே விடும் அளவு. 111 நிமிடத்தில் 50 லிட்டர் கழிவு, 286 நிமிடத்தில் 129 லிட்டர். மாதத்துக்கு 1,500 லிட்டராக இருந்தது 3,860 லிட்டராகிறது. அத்தனையையும் யாரோ மேலே ஏற்றியிருக்கிறார்கள். 800 அடி ஆழத்தில் உட்கார்ந்திருக்கும் போர் மோட்டார், மொத்தத் திறன் 40 சதவீதம் என்று வைத்தால், ஆயிரம் லிட்டரை மேலே கொண்டுவர 1.7 யூனிட் எடுக்கும். நல்ல மெஷினின் கழிவுக்கே 2.6 யூனிட், உங்கள் மெஷினின் கழிவுக்கு 6.6 யூனிட். ஆர்.ஓ. பம்ப் எடுக்கும் கரண்டுக்குச் சமமாக இன்னொரு பங்கு போர் மோட்டாரில் போகிறது. அது உங்கள் வீட்டு மீட்டரில் வராமல் மெயின்டெனன்ஸ் பில்லில் ஒளிந்திருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. டேங்கர் மாதங்களில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். 2024 மார்ச்சில் பெங்களூரு மாவட்ட நிர்வாகம் 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு 1,000 ரூபாய் என்று விலை கட்டியது. அந்த விலைக்கே உங்கள் கழிவுத் தண்ணீர் மாதம் 320 ரூபாய். மெஷின் சரியாக இருந்தால் 125.

அதனால் பம்ப் ஓடும் நிமிடங்களைக் குறைப்பதுதான் வேலை. அதற்கு முதலில் கோளாறு எங்கே என்று தெரிய வேண்டும். அளவுக் கோடு போட்ட ஒரு லிட்டர் ஜாடியும் ஃபோனில் உள்ள கடிகாரமும் போதும். மெஷினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நல்ல தண்ணீர் டேங்கில் விழும் குழாயில் ஒரு நிமிடம், கழிவுக் குழாயில் ஒரு நிமிடம் பிடித்து இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களே பாதி நோயைச் சொல்லிவிடும்.

நல்ல தண்ணீர், கழிவு இரண்டுமே குறைந்திருந்தால் உப்பை வடிகட்டும் மெம்பிரேனுக்கு முன்னால்தான் பிரச்சினை: தண்ணீர் போதுமான அளவில் வரவில்லை, அல்லது பம்ப் அழுத்தம் கொடுக்கவில்லை. கழிவு வழக்கம்போல 450 அளவில் இருந்து நல்ல தண்ணீர் மட்டும் 70, 80 என்று விழுந்திருந்தால் மெம்பிரேன் அடைத்துவிட்டது. கழிவு மிகவும் குறைந்து, நல்ல தண்ணீர் ஓரளவு வந்து, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவான டிடிஎஸ் மட்டும் ஏறியிருந்தால் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் அடைத்திருக்கிறது. இந்த மூன்றாவதை அப்படியே விட்டால் கழுவப்படாத உப்பு உள்ளேயே படிந்து சீக்கிரம் மெம்பிரேனையும் கொண்டுபோய்விடும்.

டிசம்பர், ஜனவரியில் அளந்தால் ஒன்றை மனதில் வையுங்கள். 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் நல்ல தண்ணீர் சுமார் 3 சதவீதம் குறையும். காலையில் தொட்டித் தண்ணீர் 19 டிகிரி இருந்தால் 180 என்பது 150-க்குப் பக்கத்தில் வருவது இயல்பு. அதைப் பார்த்து மெம்பிரேன் மாற்ற வேண்டாம்.

முதல் வகைதான் அதிகம் ஏமாற்றும், பம்பை மாற்றச் சொல்வதும் இங்கேதான். மெஷினுக்கு வெளியே மாட்டியிருக்கும் வெள்ளை நூல் ஃபில்டரை முதலில் பாருங்கள். போர் தண்ணீரில் இரண்டு மூன்று மாதத்தில் செம்மண் நிறமாகி அடைத்துவிடும், விலை நூறு இருநூறு ரூபாய். அதை மாற்றியும் சரியாகவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீர் வரத்தைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வுக்குள் போகும் குழாயைக் கழற்றி ஜாடியில் பிடியுங்கள். மெஷினுக்குத் தேவை நிமிடத்துக்கு 630 மில்லி. இங்கே ஒரு லிட்டருக்கும் குறைவாக வந்தால் பம்ப் பட்டினியில் ஓடுகிறது என்று பொருள். கடகடவென்று சத்தம் வருவதும் அதனால்தான். உள்ளே இருக்கும் செடிமெண்ட், கார்பன் ஃபில்டர்களில் ஏதோ ஒன்று அடைத்திருக்கும். மேல்மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் வீடுகளில் வரத்து அழுத்தமே குறைவு, ஃபில்டர் கொஞ்சம் அடைத்தாலும் உடனே தெரியும்.

தண்ணீர் நன்றாக வருகிறது, ஆனாலும் இரண்டும் குறைவு என்றால் அடுத்து அடாப்டர். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஓடாதபோது 24 காட்டும் அடாப்டர், பாரம் ஏறியதும் 18, 19-க்கு விழலாம். அப்போது பம்ப் மெதுவாகச் சுற்றும், அழுத்தம் ஏறாது, புதுப் பம்பை மாட்டினாலும் அதே கதைதான். பம்ப் விலையில் சிறு பங்குதான் அடாப்டர். 22-க்குக் கீழே விழுந்தால் அதை மாற்றுங்கள். புதியதன் ஆம்பியர் பழையதற்குக் குறையாமல் பாருங்கள்: 100 ஜிபிடி, அதாவது ஒரு நாளைக்கு 100 கேலன் அளவுள்ள பம்புக்கு 2.5 ஆம்பியர் அடாப்டர்தான் சரி, 1.5 ஆம்பியரை மாட்டினால் சில மாதத்தில் மீண்டும் இதே இடத்துக்கு வருவீர்கள். வோல்ட்டும் வரத்தும் சரியாக இருந்து அழுத்தம் மட்டும் ஏறவில்லை என்றால்தான் பம்பின் தலைப்பகுதி போயிருக்கிறது. அப்போது டெக்னீஷியன் சொல்வது சரி.

உங்கள் மெஷினில் கழிவு 450-ஆகவே இருந்தால் பம்ப் மேல் பழி போடவே வழியில்லை. மெம்பிரேன்தான். கடினத்தன்மை கூடிய போர் தண்ணீரில் இரண்டு வருடம் தாண்டுவதே பெரிது. இங்கே பணம் செலவாகும், ஆனால் மேலே பார்த்த கணக்குப்படி டேங்கர் மாதங்களில் அது தண்ணீரிலேயே மாதம் இருநூறு ரூபாயைத் திருப்பித் தரும். மாற்றும்போது ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், சின்னச் சாமான்.

கழிவைக் குறைக்கிறேன் என்று 450-க்குப் பதில் 300 ரெஸ்ட்ரிக்டர் போடுவதோ, கழிவுக் குழாயைத் திருகி மூடுவதோ போர் தண்ணீரில் வேண்டாம். உப்பு வெளியேற வழியில்லாமல் மெம்பிரேன் மேல் சுண்ணாம்பாகப் படியும். கொஞ்ச நாளில் நல்ல தண்ணீர் குறைந்து, பம்ப் முன்பைவிட அதிக நேரம் ஓடும். கழிவை வாளியில் பிடித்து வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ, பாத்திரம் முதல் அலசு அலச வைத்துக்கொள்வதே மேல். உள்ளே வருவது 700 டிடிஎஸ் என்றால் கழிவு 950-ஐ ஒட்டி இருக்கும். தொட்டிச் செடிக்கு அதை மட்டுமே தொடர்ந்து ஊற்றினால் இலை ஓரம் கருகும்.

இன்னும் இரண்டு சோதனை, இரண்டும் சேர்த்து ஐந்து நிமிடம். டேங்க் நிறைந்த பிறகு பம்ப் சத்தம் நிற்கிறதா என்று கேளுங்கள். ஃப்ளோட் ஸ்விட்ச் மாட்டிக்கொண்டு, வழியும் தண்ணீர் குழாய் வழியாக சிங்க்குக்குள் போய்க்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. நாள் முழுக்க ஓடினால் மாதம் 32 யூனிட், கழிவு மட்டும் ஒரு நாளைக்கு 648 லிட்டர். அடுத்து, ஸ்விட்சை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துக் கழிவுக் குழாயைப் பாருங்கள். இன்னும் ஒழுகினால் சோலினாய்டு வால்வு மூடவில்லை. நிமிடத்துக்கு 50 மில்லி என்றாலும் நாளுக்கு 72 லிட்டர். இதற்குக் கரண்ட் செலவே இல்லை என்பதால்தான் கண்ணில் படாமல் வருடக்கணக்கில் போகிறது.

ராத்திரியில் ஸ்விட்சை அணைத்துவைப்பது பற்றிப் பலர் சொல்வார்கள். டேங்க் நிறைந்தபின் அடாப்டர் ஓரிரு வாட்தான் இழுக்கும், அதில் மிச்சம் எதுவும் இல்லை. ஃப்ளோட் கெட்டுப்போனால் தண்ணீர் போகாமல் இருக்கும், அந்த ஒரு பயன் உண்டு.

காவிரி 5-ஆம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியபின் நகரின் வெளிவட்டப் பகுதிகளுக்கும் இணைப்பு போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் கட்டடத்துக்கு வந்தால் கணக்கே மாறும். காவிரித் தண்ணீரின் டிடிஎஸ் பெரும்பாலும் 300-க்குக் கீழ்தான், அதற்கு ஆர்.ஓ. தேவையில்லை, 11 வாட் விளக்கு உள்ள யு.வி., யு.எஃப். மெஷின் போதும், கழிவே கிடையாது. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவந்த தண்ணீரை மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சாக்கடைக்கு விடுவது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. ஆனால் பல அபார்ட்மெண்டுகளில் காவிரி, போர், டேங்கர் மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கின்றன. அதனால் மெஷினை மாற்றும் முன் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி, இரண்டு வாரம் வெவ்வேறு நேரங்களில் சமையலறைக் குழாயில் அளந்து பாருங்கள். ஒருநாள் 250, இன்னொரு நாள் 800 என்று குதித்தால் இருக்கிற ஆர்.ஓ.வைச் சரிசெய்துகொண்டு அதையே வைத்திருங்கள்.